பிறர் பார்வையும் நம் கூச்சமும்

மணம் புரிந்துகொள்ளலாமா என்னும் எண்ணத்தோடு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதன்முதலாகத் தனித்துச் சந்திக்கும் வழக்கம் இன்று நம்மவரிடையேயும் பரவியிருக்கிறது. பெண் பார்க்கும் சடங்கு மறைந்துவிடவில்லை. ஆயினும், தில்லியிலும் மும்பையிலும் பணிபுரியும் நம் இளைஞர் பலர், பெரியவர்கள் பேசி முடிக்கும் முன்னரே ஒரு சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து ஒருவரையொருவர் அறிய முயல்கின்றனர். அச்சந்திப்புக்குப் பின் அறைக்குத் திரும்பியவர் உறங்குவதில்லை. கை நடுங்கியது தெரிந்திருக்குமோ, பேச்சு தடைப்பட்டபோது என்ன நினைத்திருப்பாரோ என்று ஒவ்வொரு கணத்தையும் மீண்டும் எண்ணிப் பார்த்து வருந்துகிறார். இவ்வச்சம் எவ்வளவு உண்மை என்பதே இன்று நாம் ஆராயவிருப்பது.

நாடக மேடையில் ஒரு நடிகர் மீது மட்டும் வட்டமாக விழும் ஒளியைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய ஒளி எப்போதும் நம் மீது விழுந்துகொண்டிருப்பதாக எண்ணும் மயக்கத்திற்கு உளநூலார் ‘ஸ்பாட்லைட் விளைவு’ என்று பெயரிட்டனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவருடைய துணைவர்களும் இதனைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

சோதனை மிக எளியது. ஒரு மாணவருக்கு, பாரி மேனிலோ என்னும் பாடகரின் படம் பொறித்த சட்டை ஒன்று அணிவிக்கப்பட்டது. அக்காலத்து மாணவர்களுக்கு அப்படத்தை அணிந்து நடமாடுவது வெட்கந்தரும் செயல். சக மாணவர்கள் சிலர் வாயிலை நோக்கி அமர்ந்திருந்த அறைக்குள் அவர் அனுப்பப்பட்டார். சிறிது நேரத்தில் வெளியே அழைக்கப்பட்டு, ‘உம் சட்டையில் இருப்பது யார் என்பதை அவர்களுள் எத்தனை பேர் சொல்லக்கூடும்?’ என்று வினவப்பட்டார். அணிந்தவர்களின் மதிப்பீடு ஏறத்தாழப் பாதிப்பேர் என்பதாக இருந்தது. உண்மையில் சொல்ல முடிந்தவர்கள் கால்பங்கினருக்கும் சற்றுக் குறைவே.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அறையில் நடந்ததை ஒளிப்பதிவில் கண்ட வேறு சில மாணவர்களிடமும் இதே வினா விடுக்கப்பட்டது. அவர்களுடைய மதிப்பீடு உண்மைக்கு மிக அருகில் வந்தது. எனவே, பார்ப்போரின் கவனத்தை அளப்பது இயலாத செயலன்று. சட்டையை அணிந்தவரால் மட்டுமே அதைச் சரியாக அளக்க இயலவில்லை.

காரணம் யாது? பிறர் என்ன காண்கின்றனர் என்று கணிக்கும்போது, நாம் நம் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறோம். ‘அவர்களுக்கு இது இவ்வளவு பெரிதாகத் தோன்றாது’ என்று ஓரளவு கழிக்கவும் செய்கிறோம். ஆனால், கழிக்க வேண்டிய அளவுக்குக் கழிப்பதில்லை. சட்டையை அணிந்து சிறிது நேரம் பழகிய பின்னர் அறைக்குள் சென்றவர்கள், கண்டிருப்போரின் தொகையைக் குறைத்தே மதிப்பிட்டனர். சட்டை மாறவில்லை, அதைப் பற்றிய அவர்களது உணர்ச்சி தணிந்திருந்தது. அவ்வளவே.

நேயர்களுள் சிலர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும்: ‘அறை நிறைந்த கூட்டம் வேறு, எதிரே அமர்ந்து நம் முகத்தையே நோக்கும் ஒருவர் வேறு அல்லவா?’ தடை நியாயமானதே. எதிரில் இருப்பவர் கூட்டத்தைவிட மிகுதியாகக் காண்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வெறும் பார்வையாளர் அல்லர். அவரும் அதே மேடையில் நிற்பவர். பலர் வட்டமாக அமர்ந்து முறைவைத்துச் சொற்களைப் படிக்கும்போது, தம் முறை வருவதற்குச் சற்று முன் படிக்கப்பட்டவற்றை ஒருவர் பெரும்பாலும் நினைவில் கொள்வதில்லை என்று 1973ஆம் ஆண்டில் மால்கம் பிரென்னர் காட்டினார். தாம் செய்யவேண்டியதை எண்ணும் மனம், அண்டையில் நிகழ்வதைத் தவறவிடுகிறது.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்வோம். தில்லி கரோல் பாகில் ஒரு சிற்றுண்டிச்சாலை. நம் இளைஞர் ஒருவர், உடன் பணிபுரியும் இந்தி பேசும் பெண்ணுடன் அமர்ந்திருக்கிறார். தேநீர் வருகிறது. ‘சாய் ஆ கயீ’ என்று பெண்பாலில் சொல்லவேண்டியதை அவர் ‘சாய் ஆ கயா’ என்று சொல்லிவிடுகிறார். நாணத்தில் கை தவறித் தேநீர் தட்டில் சிந்துகிறது. பிறகு சிறிது நேரம் பேச்சில்லை. இம்மூன்றும் அவர் மனத்தில் ஒரே குற்றப்பட்டியலாகத் திரள்கின்றன.

எதிரில் இருப்பவர் கண்டது என்ன? சிந்திய தேநீரைக் கண்டிருப்பார். அது கண்ணுக்குத் தெரிவது. பால் பிழை காதில் விழுந்திருக்கலாம். உள்ளே எழுந்த பதற்றமோ அவருக்குத் தெரிய வழியில்லை. ‘நான் மிக வேகமாகப் பேசுகிறேனோ, ஊதியத்தைப் பற்றிக் கேட்டது தவறோ?’ என்று அவரும் அதே நேரத்தில் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். அந்த மௌனத்தைத் தம் குற்றமென்றே அவர் கொண்டிருப்பதும் இயல்பு.

கண்டாலும் எவ்வாறு மதிப்பிடுவார் என்பது அடுத்த வினா. நம் தவறுகளைப் பிறர் நாம் அஞ்சுமளவு கடுமையாக மதிப்பதில்லை என்று கிலோவிச் குழுவினரே 2001இல் காட்டினர். நமக்கு அத்தவறு ஒன்றே கண்முன் நிற்கிறது. பார்ப்பவரோ அதனை நம் பேச்சு, குணம், அன்றைய பொழுது முழுவதும் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணுகிறார்.

இதற்கு எல்லையும் உண்டு. அரைமணி நேரம் காத்திருக்கச் செய்தல், பேசும்போது கைபேசியை நோக்கியிருத்தல், பணியாளரிடம் சீறுதல் ஆகியவை மறைவதில்லை. அவை எதிரில் இருப்பவரையும் தொடுவதால் அவர் கவனத்தில் பதிகின்றன. கூச்சம் வேறு, அலட்சியம் வேறு.

இவ்வுண்மையை அறிவதனால் பயன் உண்டா? மேடைப் பேச்சுக்கு முன் நடுங்கிய மாணவர் சிலரிடம், ‘உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்குமளவு வெளியே தெரியாது’ என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டது. அவர்கள் ஏனையோரைவிட நன்றாகப் பேசினர். கேட்டோரும் அவ்வாறே கருதினர். 2003இல் வெளிவந்த ஆய்வு இது. அச்சத்தைப் பற்றிய அச்சம் நீங்கியதே காரணம்.

ஆனால், இதே உண்மைக்கு மறுபுறம் ஒன்று உண்டு; அதுவே மிகவும் கருதத்தக்கது. நம் பதற்றம் வெளியே தெரிவதில்லை எனில், நம் விருப்பமும் தெரிவதில்லை. முதன்முறை உரையாடிய இருவருள் ஒவ்வொருவரும், தம்மை மற்றவர் உண்மையில் விரும்பிய அளவைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்று எரிக்கா பூத்பியும் குழுவினரும் 2018இல் கண்டனர். நம் இளைஞர் வெட்கத்தால் வாளாவிருக்க, அப்பெண் ‘இவருக்கு நம்மிடம் ஈடுபாடில்லை’ என்று கொண்டு விலகக்கூடும். பிழையாகப் பேசிய இந்தியினால் அன்று, பேசாமல் விட்ட ஒரு வாக்கியத்தினால் அவ்வுறவு முறியலாம்.

ஆகவே, அத்தகைய சந்திப்புக்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் செல்வதும், உடையும் இடமும் பழகிய பின் பேசத் தொடங்குவதும் நலம். விடைபெறும்போது, ‘உங்களோடு பேசியது எனக்கு மகிழ்ச்சி அளித்தது, மீண்டும் சந்திக்க விரும்புகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுதல் அதனினும் நலம். அச்சொற்களில் பால் பிழையே நேர்ந்தாலும், பொருள் போய்ச் சேர்ந்துவிடும்.