கரையைச் சொல்லி எழுதுவோம்
(மும்பை, தாராவி மாலை வகுப்பில் பேசியது)



போன வாரம் நாம் கடிதம் எழுதிப் பழகினோம். இன்று ஒரு கடிதத்தின் கதையைச் சொல்கிறேன். நம் வகுப்பு அக்கா ஒருவர் எழுதிய கடிதம் அது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சிரிக்கிறார். சொல்லவில்லை.

அந்த அக்காவின் அம்மாவிடம் ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலை இருந்தது. கல்யாணச் சேலை. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா வீட்டில் தகரப்பெட்டி மூழ்கியது. சேலை சேற்றில் ஊறி வீணானது. கல்யாணப் படம் இருந்த ஆல்பமும் ஒட்டிப்போய், பிரித்தால் தோல் தோலாக வந்தது. அம்மாவும் இப்போது இல்லை.

மகளுக்குக் கல்யாணம் பேசியபோது, "என் அம்மா சேலை மாதிரியே ஒன்று நெய்ய வேண்டும்" என்று அக்கா ஆசைப்பட்டார். உறவுக்காரர் மூலம் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் கிடைத்தார். அக்கா போனில் சொன்னார்: "நாலு விரல் கரை. கோபுரம் போட்டிருக்கும். மாம்பழக் கலர், அரக்கு பார்டர்." அவரும் "சரிம்மா" என்றார். முன்பணம் போனது. சேலை வந்தது. பிரித்ததும் அக்காவின் முகம் வாடிவிட்டது.

கரை மிக அகலமாக இருந்தது. கரைக்குள் ஜரிகையில் பெரிய பெரிய கோபுர உருவங்கள் நின்றன. அக்கா சொன்ன கோபுரம் அது இல்லை. கரையும் உடலும் சேரும் இடத்தில் ரம்பப் பல் போல வரிசையாக மேலே ஏறுமே, அதைத்தான் அவர் சொன்னார். அதற்கும் கோபுரம் என்றுதான் பெயர். நெசவாளர் மேல் குற்றம் இல்லை. அவர் காதில் விழுந்ததை அவர் நெய்தார். விரலும் அப்படித்தான். அக்காவின் நாலு விரலை அளந்தோம். இரண்டே முக்கால் அங்குலம். தறியில் உழைத்த ஆண்கையின் நாலு விரல் மூன்றேகால் அங்குலம் கூட வரும்.

அந்தச் சேலையை அக்காவின் நாத்தனார் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதிப் பணம் போனது போனதுதான்.

மறுபடி நெய்யச் சொல்லும் முன் வகுப்பில் உட்கார்ந்து யோசித்தோம். படம் இல்லை. ஆனால் நினைவு இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது?

முதலில் அகலம். அக்காவின் சித்தியும் அந்தச் சேலையைப் பார்த்தவர்தான். அவரைத் தரையில் உட்கார வைத்தோம். அக்கா ஒரு சேலை கட்டி நின்றார். செய்தித்தாளைக் கரை போல நீளமாக மடித்து, சேலையின் அடியில் ஊசி குத்தி வைத்தோம். சித்தி பார்த்து, "ம்ஹும், இவ்வளவு இல்லை. அக்கா நடந்தால் கரை மட்டும்தான் கொலுசை மறைக்கும். மஞ்சள் அதுக்கு மேலேதான்" என்றார். கொஞ்சம் மடித்தோம். இன்னும் கொஞ்சம். "இதுதான்" என்றார். அளந்தால் இரண்டே முக்கால் அங்குலம். அக்கா சொன்ன நாலு விரல் சரிதான். விரல்தான் வேறு.

அடுத்தது, கரைக்குள் என்ன என்ன இருந்தது என்பது. இங்கே ஒரு சிக்கல். "மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு" என்றால் நெசவாளருக்குப் புரியாது. கட்டியிருக்கும்போது கீழே இருப்பது, மடித்து வைத்தால் எந்தப் பக்கமும் இருக்கும். அதனால் விளிம்பிலிருந்து உள்ளே போக வேண்டும். துணி முடியும் ஓரத்தில் விரலை வைத்து, உடலை நோக்கி நகர்த்திக்கொண்டே சொல்ல வேண்டும்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் சொன்னார். ஓரத்தில் ஜரிகைக் கோடு, கால் அங்குலம். பிறகு வெறும் அரக்கு, அரை அங்குலம். பிறகு ருத்ராட்சம், ஜரிகையில் உருண்டை உருண்டையாக ஒரே வரிசை, அரை அங்குலம். சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து அந்த உருண்டைகளை எண்ணுவாராம். அதனால் அதில் சந்தேகமே இல்லை. பிறகு மறுபடி வெறும் அரக்கு, ஒரு அங்குலம். கடைசியில் பல் பல்லாகக் கோபுரம், அரை அங்குல உயரம், நுனி மஞ்சளுக்குள் இருக்கும். கூட்டிப் பாருங்கள். இரண்டே முக்கால் வருகிறது. கூட்டல் ஒத்துவராவிட்டால் எங்கோ மறந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

பிறகு நெய்யும் விதம். அரக்குக் கரையில் மஞ்சள் நிழல் அடித்ததா என்று கேட்டேன். இல்லை, சுத்த அரக்கு என்றார். நான் ஏன் கேட்டேன் என்றால், உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் ஓடினால் இரண்டு நிறமும் கலந்து தெரியும். கலக்காமல் இருந்தால் அது கோர்வை. கரைக்குத் தனி ஊடை, உடலுக்குத் தனி ஊடை. இரண்டும் சேரும் இடத்தில் நூலோடு நூல் கோர்த்து நெய்வார்கள். துணியைத் தடவினால், முக்கியமாகப் பின்பக்கம், அந்த இடம் மெல்லிய தையல் போலத் தட்டுப்படும். அக்காவுக்கு அது உடனே நினைவு வந்தது. கோர்வைக்குத் தறியில் இன்னொரு ஆள் கூட உட்கார வேண்டியிருக்கும், நாளும் கூடும். அதனால் விலையும் கூடும். அதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

நிறத்துக்குப் பெயர் மட்டும் போதாது. ஒருவர் அரக்கு என்பதை இன்னொருவர் குங்குமச் சிவப்பு என்பார். நூல் கடையில் அரக்கு வகையில் ஏழெட்டு நூல் வாங்கி, பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்தோம். டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்துபோவோம். அக்கா ஒன்றை எடுத்தார், சித்தி வேறு ஒன்றை எடுத்தார். சண்டை வந்துவிட்டது! இரண்டையும் அட்டையில் சுற்றி ஒட்டினோம். "இதற்கும் அதற்கும் நடுவில்" என்று எழுதினோம். மயில் கழுத்து நிறம் போல இரண்டு நிறம் மாறி மாறித் தெரியும் பட்டுக்கு இந்த வழி உதவாது. அங்கே பாவு என்ன நிறம், ஊடை என்ன நிறம் என்று இரண்டு நூல் அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு அக்கா கடிதம் எழுதினார். கடிதத்தோடு ஒரு தாள் வைத்தார். அதில் கரையை உண்மை அளவிலேயே வரைந்தார், மூன்று கோபுரப் பல்லும் சேர்த்து. விரலும் வேண்டாம், அங்குலமும் வேண்டாம். நெசவாளர் தாளைத் துணிமேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அழகாக வரையத் தேவையில்லை. கட்டம் போட்ட நோட்டுத் தாள் போதும். கரைக்கு டிசைன் போடுகிறவர்களும் கட்டத் தாளில் போடுவதுண்டு.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அப்படியே படிக்கிறேன்:

"அண்ணா, அகலம், ருத்ராட்சம், கோர்வை மூன்றும் எனக்கு நிச்சயம். கோபுரப் பல் எவ்வளவு நெருக்கம் என்பது நிச்சயம் இல்லை. முந்தியில் என்ன பூ என்பது நினைவில் இல்லை. அது உங்கள் விருப்பம். பாவு பூட்டும் முன் கரையைத் தாளில் வரைந்து அனுப்புங்கள்."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பாவு பூட்டிவிட்டால் கரையின் அகலத்தை மாற்ற முடியாது. ஒரே பாவில் மூன்று நான்கு சேலை கூட நெய்வார்கள். எல்லாவற்றுக்கும் அதே அகலம்தான். தாளில் இருக்கும்போது ரப்பர் போதும்.

படம் வந்தது. பல் மிக நெருக்கமாக இருந்தது. சித்தி ஒரு பல் விட்டு ஒரு பல்லை அழித்து, "இப்போ சரி" என்றார். திருப்பி அனுப்பினோம். இரண்டாவது சேலை தை மாதம் வந்தது. ஜரிகை மட்டும் பழைய சேலையைவிடப் பளபளப்பு அதிகம். சித்தி மடியில் போட்டு உருண்டைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

சரி, நோட்டை எடுங்கள். வீட்டில் இருக்கும் ஒரு சேலையை நினைத்து, விளிம்பிலிருந்து உள்ளே எழுதுங்கள். நாளை அந்தச் சேலையையும் ஒரு ஸ்கேலையும் கொண்டுவாருங்கள். ஒத்துப் பார்ப்போம்.