ஒரு குழந்தை, மூன்று கணக்குகள்

(பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மொத்த உள்நாட்டு உற்பத்தி இத்தனை விழுக்காடு வளர்ந்தது என்று காலாண்டுதோறும் அறிவிப்பு வெளியாகிறது. அந்த எண் எதைக் கணக்கில் கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை ஒரேயொரு வேலையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறூட்டி, பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் வேலை அது.

முதலில், குழந்தை தனியார் காப்பகத்தில் இருப்பதாகக் கொள்வோம். மாதக் கட்டணம் 3,000 ரூபாய். காப்பகம் வெளியிலிருந்து வாங்கும் அரிசி, பால், மின்சாரம் முதலியவற்றுக்கு ஒரு குழந்தைக்கு 1,000 ரூபாய் ஆகிறது என்றால், எஞ்சிய 2,000 ரூபாய் அங்கே கூட்டப்பட்ட மதிப்பு. பணியாளர் கூலியும் உரிமையாளரின் இலாபமும் அதில் அடங்கும். இத்தகைய கூட்டப்பட்ட மதிப்புகளின் தொகைதான் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அடித்தளம்.

அடுத்து, அதே குழந்தை அங்கன்வாடிக்குச் செல்கிறது. அரசு இலவசமாகத் தரும் பணிக்குச் சந்தை விலை கிடையாது. ஆகவே அதற்கு ஆகும் செலவையே அதன் மதிப்பாகக் கொள்வது கணக்கியல் விதி. 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசு அங்கன்வாடி ஊழியருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். இருபது குழந்தைகள் இருந்தால், ஒரு குழந்தைக்கு அவரது உழைப்பின் மதிப்பு 225 ரூபாய். மாநில அரசு தரும் கூடுதல் தொகையையும் உதவியாளரின் மதிப்பூதியத்தையும் சேர்த்தால் இது உயரும், அடிப்படை மாறாது. ஊதியத்தைக் குறைவாக வைத்திருக்கும் அரசே, அந்த உழைப்பின் மதிப்பும் குறைவு என்று தன் கணக்கேட்டில் பதிந்துகொள்கிறது.

மூன்றாவதாக, குழந்தையைத் தாயோ பாட்டியோ வீட்டில் பார்த்துக்கொள்கிறார். இப்போது கணக்கில் ஏறுவது சுழியம்.

வீட்டுக்குள் நடப்பது எதையும் அளக்க முடியாது என்பதுதான் இதற்குக் காரணமா? இல்லை. சொந்த உணவுக்காக உழவர் விளைவித்த நெல்லுக்கு மதிப்பிடப்படுகிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை தருவதாகக் கற்பித்து, அத்தொகையும் சேர்க்கப்படுகிறது. சொந்த வீட்டின் கூரை தரும் நிழலுக்கு மதிப்பு உண்டு. அதன் கீழ் கூலியின்றிச் சமைப்பவரின் உழைப்புக்கு இல்லை. இந்த எல்லைக்கோட்டை வரைந்தது இயற்கையன்று. நாடுகள் ஒப்புக்கொண்ட கணக்கியல் விதி. 1934இல் அமெரிக்க செனட் சபைக்குத் தேசிய வருமான அறிக்கையை அளித்த சைமன் குஸ்னெட்ஸ், இல்லத்தரசிகளின் பணியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் தேசிய வருமானத்தைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை முடிவு செய்ய இயலாது என்று அதே அறிக்கையில் எச்சரித்தார். அவர் வகுத்த கணக்கு நிலைத்தது, எச்சரிக்கை மறக்கப்பட்டது.

விடுபட்டது எவ்வளவு? ஒன்றிய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கூலி வேலைக்கும் ஓய்வுக்கும் மிஞ்சும் நேரத்தை இதுவே நிர்ணயிக்கிறது.

இந்த விடுபடல் அரசின் கொள்கையிலும் எதிரொலிக்கிறது. நிதி நெருக்கடி என்று கூறி ஓர் அங்கன்வாடி மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். வசதியுள்ள குடும்பம் தனியார் காப்பகத்தை நாடும். உற்பத்திக் கணக்கு உயரும். வசதியற்ற குடும்பத்தில் தாயின் கூலி நாட்கள் குறையும், அல்லது மூத்த பெண் பிள்ளை பள்ளியை விட்டு நிற்பாள். தாய் இழந்த கூலி வேலை, வேறொருவருக்குக் கிடைத்தால் கணக்கில் தெரியாது. பெண் பிள்ளை இழந்த படிப்போ அந்த ஆண்டின் கணக்கில் எங்குமே இராது. அரசுக்கு மிச்சமானதாகக் காட்டப்படும் தொகை, உண்மையில் அந்த வீட்டின் மீது சுமத்தப்பட்ட வேலை.

அப்படியானால் வீட்டு வேலைக்கு ஒரு விலை வைத்து மொத்த உற்பத்தியோடு கூட்டிவிட்டால் போதுமா? எந்த விலை என்ற கேள்வி உடனே எழும். வீட்டுப் பணியாளருக்கு இன்று சந்தையில் கிடைக்கும் அற்பக் கூலியை அளவுகோலாகக் கொண்டால், அதே சுரண்டல் கணக்கேட்டிலும் இடம்பெறும். கூட்டிய எண் பெரிதாகத் தெரியும். தாயின் ஐந்து மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது.

எனவே நேரத்தை நேரமாகவே அளக்க வேண்டும். நேரப் பயன்பாட்டு ஆய்வைக் குறித்த கால இடைவெளியில் நடத்தி, உற்பத்திக் கணக்குக்கு அருகில் துணைக் கணக்காக வெளியிட வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் அவர்களது ஊதியத்தை இன்னும் மதிப்பூதியம் என்றே அரசு அழைக்கிறது. அவர்களை முழுநேர ஊழியராக ஏற்று உரிய ஊதியம் தரும்போது, உழைப்பின் மதிப்பு வாழ்க்கையிலும் உயரும், கணக்கேட்டிலும் உயரும். வளர்ச்சி விழுக்காடு அறிவிக்கப்படும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஆண்டில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு?