டீடாக்ஸ் பானம்: எந்த நச்சு, எவ்வளவு, எங்கே போகிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பாளரான மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் டீடாக்ஸ், கல்லீரலைக் கழுவும் பொடி, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் பச்சைச் சாறு. இவற்றைக் குடிக்கலாமா என்று பலர் கேட்டதால், செயலாளர் என்னை இதைப் பற்றியே பேசச் சொன்னார்.

இந்த விளம்பரங்கள் நம் மனதில் ஒரு படத்தைப் பதிய வைக்கின்றன. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் ஃபில்டரில் அழுக்கு சேர்வதுபோல, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நச்சு படிந்துகொண்டே போகிறது, அவ்வப்போது அதைக் கழுவிவிட வேண்டும் என்ற படம். அந்தப் படமே தவறு.

கல்லீரல் அழுக்கைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அல்ல. ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் சமையலறை என்று சொல்லலாம். நீங்கள் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதம் உடைந்து, அதிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மூளைக்கு ஆகாது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. யூரியா தண்ணீரில் கரையும், சிறுநீரகம் அதை வெளியே அனுப்பிவிடும். சாராயமும், நாம் போடும் பல மாத்திரைகளும் இப்படித்தான் மாற்றப்பட்டு வெளியேறுகின்றன.

இனி சிறுநீரகம். ஒரு நாளில் அது வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் கணக்கில் ஒன்பது கேன். அதில் தேவையான உப்பு, சர்க்கரை, நீர் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக விடுகிறது. ஒரு டம்ளர் சாறு இந்த வேலையைக் கூட்டுவதற்கு எந்த வழியும் இல்லை. உடம்புக்கு வேண்டிய தண்ணீர் கிடைத்தால் போதும்.

கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வருவது நச்சு அல்ல, கொழுப்பு. அது எடையைக் குறைத்தால் குறையும். கழுவினால் போகாது.

அப்படியானால், மூன்று நாள் குடித்ததில் இரண்டு கிலோ குறைந்ததே, அது எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து அரைக் கிலோ வரை சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, சப்பாத்தியை நிறுத்திச் சாறு மட்டும் குடித்தால், இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி ஓரிரு நாளில் தீர்ந்து, அதோடு தண்ணீரும் போய்விடும். அந்த இரண்டு கிலோ அதுதான். நான்காம் நாள் சாதாரணமாகச் சாப்பிடத் தொடங்கினால் திரும்பி வந்துவிடும்.

டீடாக்ஸ் டீயில் வேறொன்றும் நடக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள், பலவற்றில் ‘சென்னா’ என்று இருக்கும். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் நிலாவரைதான் அது. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே வெளியேறுவது தண்ணீரும் பொட்டாசியமும்தான், கொழுப்போ நச்சோ அல்ல.

2009-ல் பிரிட்டனில் ‘சென்ஸ் அபவுட் சயின்ஸ்’ என்ற அமைப்பின் இளம் அறிவியலாளர்கள், டீடாக்ஸ் என்று விற்கப்பட்ட 15 பொருட்களின் தயாரிப்பாளர்களை விசாரித்தார்கள். எந்த நச்சு, அது போய்விட்டது என்பதற்கு என்ன சான்று என்றெல்லாம் கேட்டார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதிலேயே ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகவில்லை.

பயனில்லை என்றால் காசு மட்டும்தானே நஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் சில சாறுகள், காப்பாற்றுவதாகச் சொல்லும் உறுப்பையே கெடுக்கின்றன. பக்கத்துக் கேரளாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இரும்பன் புளி என்று ஒரு காய் உண்டு. மீன் குழம்பிலும் ஊறுகாயிலும் போடுவார்கள், ஒன்றும் ஆகாது. அதையே பச்சையாக அரைத்துக் கெட்டிச் சாறாக, வைத்தியம் என்று குடித்தவர்களில் பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2013-ல் இந்திய சிறுநீரக மருத்துவ இதழில் இது வெளியானது. பத்தில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

காரணம் அந்தக் காயில் நிறைய இருக்கும் ஆக்சாலிக் அமிலம். குழம்பில் நான்கைந்து காய், அதையும் வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிறோம். சாறு என்றால் நிறையக் காய்களின் அமிலம் ஒரே டம்ளரில், வெறும் வயிற்றில் இறங்குகிறது. ரத்தத்தில் ஏறும் ஆக்சலேட் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிகமாகிறது. குழாய் அடைபடுகிறது. பாலக் கீரையிலும் ஆக்சலேட் அதிகம். கூட்டாகவோ மசியலாகவோ சாப்பிட்டால் பயமில்லை. தினமும் கட்டுக் கட்டாகப் பச்சையாக அரைத்துக் குடிப்பது வேறு விஷயம்.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது, சுரைக்காய்ச் சாறு. அதைக் குடித்து உயிரிழப்பு நேர்ந்ததால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழு அமைத்தது. குழு சொன்னது எளிமையான விஷயம். சாறு எடுப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயையே தூக்கி எறிந்துவிடுங்கள். வேறு சாறோடு கலக்காதீர்கள், கலந்தால் கசப்பு தெரியாது. பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, சுரைக்காய்க்கு அல்ல. சுரையில் கசப்பு என்றால் குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு அதிகம் என்று அர்த்தம். குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நச்சு வெளியேறுகிறது என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள்.

நம் குடியிருப்பில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நிறையப் பேர். உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய இரண்டு சோதனைகளை வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். கிரியேட்டினின் கூடியிருப்பவர்கள் காய்கறிச் சாறோ, தினசரி இளநீரோ தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றில் உள்ள பொட்டாசியம் வெளியேற முடியாமல் தேங்கினால் இதயத் துடிப்பையே பாதிக்கும். எந்தச் சாறு குடிப்பவரும், சிறுநீர் அளவு குறைந்தாலோ கால் வீங்கினாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

வாழைத்தண்டைப் பொரியலாகவும், சுரைக்காயைக் கூட்டாகவும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அடுத்த முறை டீடாக்ஸ் பாக்கெட் விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: இது எந்த நச்சை வெளியேற்றுகிறது? குடிப்பதற்கு முன்னும் பின்னும் எந்தச் சோதனையில் அது தெரியும்?