அணைப்பவை முதலில் தெரிந்தன: செல்லுக்குள் ஒரு செய்தி பெருகுவதும் அடங்குவதும்



புரதக் கைனேஸ் என்பது ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதி. ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, செய்தி படிப்படியாகக் கீழே இறங்குகிறது. இந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அது பெருகும் விதத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நான் இன்று அது அடங்கும் விதத்தை முன்னால் வைத்துப் பேசப் போகிறேன். வரலாறும் அப்படித்தான் நடந்தது.

எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நொதியின் கதை: தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனைத் துண்டு துண்டாக நறுக்கி குளுக்கோஸ் பாஸ்பேட்டாக வெளியே விடும் பாஸ்பாரிலேஸ். 1940களில் செயின்ட் லூயிஸ் நகரில் கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரண்டு வடிவங்கள் கிடைத்தன. ‘ஏ’ வடிவம் தானாகவே வேலை செய்தது. ‘பி’ வடிவம் ஏஎம்பி சேர்த்தால்தான் அசைந்தது. ‘ஏ’யை ‘பி’யாக மாற்றும் ஒரு நொதியும் தசைச் சாற்றில் இருந்தது. ‘ஏ’ வடிவத்தோடு ஏஎம்பி இறுக ஒட்டியிருக்கிறது, இந்த நொதி அதைக் கழற்றிவிடுகிறது என்று கோரிகள் நியாயமாகவே ஊகித்தார்கள். ஆனால் கழன்று வந்திருக்க வேண்டிய ஏஎம்பி கடைசிவரை கண்ணில் படவில்லை. அந்த நொதி உண்மையில் கழற்றியது ஒரு பாஸ்பேட்டை. இன்று அதைப் பாஸ்பட்டேஸ் என்கிறோம். அதாவது, செய்தியை எழுப்பும் கைனேஸை யாரும் பார்ப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அதை அணைக்கும் நொதி ஆய்வுக்கூடத்துக் குப்பியில் வேலை செய்துகொண்டிருந்தது.

எழுப்பும் நொதி சிக்கியது 1955இல், சியாட்டில் நகரத்தில். எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் கோரிகளின் முறைப்படியே முயல் தசையைப் பிழிந்து சாறு எடுத்தார்கள். சாற்றை வடிதாளில் வடித்தால் ‘ஏ’ வடிவம் கிடைத்தது. வடிதாளை விட்டுவிட்டு, மையவிலக்கியில் சுற்றித் தெளிய வைத்தால் ‘பி’ வடிவம்தான் வந்தது. அதே தசை, அதே சாறு. வித்தியாசம் தாளில் மட்டும்தான். அந்தத் தாளில் இருந்த மிகச் சிறிதளவு கால்சியம் சாற்றில் கலந்து, அங்கேயே தூங்கிக்கொண்டிருந்த ஒரு நொதியை எழுப்பிவிட்டது. அது சாற்றில் இருந்த ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ‘பி’யின் மேல் ஒட்டி ‘ஏ’ ஆக்கியது. அந்த நொதிதான் பாஸ்பாரிலேஸ் கைனேஸ். ஒட்டும் இடம், சங்கிலியின் 14ஆவது கண்ணியில் உள்ள சீரின். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெரிய புரதத்தில் அந்த ஓரிடத்தில் ஒரு பாஸ்பேட் ஏறினால் நொதியின் உருவமே மாறி வேலையில் இறங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1992இல்தான்.

இடையில் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாந்து இன்னொரு முனையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கல்லீரலை அரைத்து அதில் அட்ரினலின் சேர்த்தால் பாஸ்பாரிலேஸ் விழித்தது. சவ்வுத் துணுக்குகளை நீக்கிய தெளிவில் அட்ரினலினை நேராகச் சேர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நீக்கிய துணுக்குகளோடு ஹார்மோனைத் தனியே கலந்து, கொதிக்க வைத்துப் புரதங்களையெல்லாம் சிதைத்து, மிஞ்சிய நீரை அந்தத் தெளிவில் ஊற்றினால் நொதி விழித்தது. கொதியிலும் சாகாத அந்தச் சிறு மூலக்கூறுதான் சுழல் ஏஎம்பி.

இனி அடுக்கை முழுதாகப் பார்க்கலாம். அட்ரினலின் செல்லின் மேலுள்ள ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி உட்புறத்தில் ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அது அடினைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி ஏடிபியைச் சுழல் ஏஎம்பியாக மாற்றுகிறது. சுழல் ஏஎம்பி புரதக் கைனேஸ் ‘ஏ’யைக் கட்டவிழ்க்கிறது. அது பாஸ்பாரிலேஸ் கைனேஸை எழுப்ப, அது பாஸ்பாரிலேஸை எழுப்புகிறது.

ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுகிறது என்று பாடநூல் படங்கள் காட்டும். இதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நொதி தான் மாறாமல் பலவற்றை மாற்றும் இடத்தில்தான் பெருக்கம் உண்டு. ஓர் ஏற்பி அடுத்தடுத்துப் பல ஜி புரதங்களைத் தூண்டும். அங்கே பெருக்கம் உண்டு. ஆனால் ஒரு ஜி புரதம் ஒரு சைக்ளேஸோடு ஒட்டிக்கொண்டுதான் அதை இயக்குகிறது. அங்கே ஒன்றுக்கு ஒன்றுதான். அந்தச் சைக்ளேஸ் சுழல் ஏஎம்பியை வரிசையாகத் தயாரிக்கும், மறுபடி பெருக்கம். அடுத்த படியில் கணக்கு இறங்குகிறது. கைனேஸ் ‘ஏ’யின் இரண்டு வினையூக்கும் கைகளை விடுவிக்க நான்கு சுழல் ஏஎம்பி அமர வேண்டும், அதாவது ஒன்றுக்கு இரண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் ஒரு ஹார்மோன் மூலக்கூறுக்கு 20 சுழல் ஏஎம்பி என்று வைத்தால், கிடைப்பது 10 கைனேஸ் கைகள். அதன் பிறகு ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக எழுப்பினால் 100 பாஸ்பாரிலேஸ் கைனேஸ், 1,000 பாஸ்பாரிலேஸ், 10,000 குளுக்கோஸ் பாஸ்பேட். இந்தப் பத்துகள் எளிமைக்காக வைத்தவை. படியின் தன்மைதான் முக்கியம்.

நடுவில் குறைந்ததே என்று வருந்த வேண்டியதில்லை. நான்கு அமர வேண்டும் என்ற நிபந்தனைதான், எங்கோ தற்செயலாகக் கசிந்த ஓரிரண்டு சுழல் ஏஎம்பி பெரிய அமளியைக் கிளப்பிவிடாமல் காக்கிறது. பெருக்கத்துக்கு மேல் எல்லையும் உண்டு. இருக்கும் மூலக்கூறுகளுக்கு மேல் எழுப்ப முடியாது. எலும்புத் தசையில் கைனேஸ் ‘ஏ’, பாஸ்பாரிலேஸ் கைனேஸ், பாஸ்பாரிலேஸ் ஆகியவற்றின் அளவு ஏறத்தாழ 1:10:240 என்ற விகிதத்தில் இருக்கிறது. பெருக்கத்தின் உருவம் செல்லின் சரக்கிருப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது அணைப்புக்கு வருகிறேன். ஹார்மோன் போன பிறகு, வேலை முடிந்த பிறகு, அணைக்கும் நொதிகள் வந்து சுத்தம் செய்கின்றன என்றுதான் மாணவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அவை முதல் நொடியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கின்றன. சுழல் ஏஎம்பி தயாராகும்போதே பாஸ்போடைஎஸ்டரேஸ் அதை உடைத்துக்கொண்டிருக்கிறது. கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்ட ஒட்டப் பாஸ்பட்டேஸ் கழற்றிக்கொண்டிருக்கிறது. குழாயும் திறந்திருக்கிறது, அடியில் ஓட்டையும் திறந்திருக்கிறது என்ற நிலையில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திருகினால் நீர்மட்டம் ஏறும். மட்டம் ஏற ஏற ஓட்டை வழியே போகும் வேகமும் கூடும். எங்கோ ஒரு புதிய மட்டத்தில் நிற்கும். அந்தப் புதிய மட்டத்தை எவ்வளவு விரைவாக எட்டும் என்பதைத் தீர்மானிப்பது குழாய் அல்ல, ஓட்டை. சுழல் ஏஎம்பியின் அரை ஆயுள் 10 வினாடி என்றால், ஹார்மோன் வந்த 10 வினாடியில் புதிய அளவுக்கான தூரத்தில் பாதி கடந்துவிடும். அரை ஆயுள் 10 நிமிடம் என்றால் அதே பாதிக்கு 10 நிமிடம் ஆகும். பயந்து ஓடுகிற ஒருவனுக்கு 10 நிமிடம் பயன்படாது. அழிக்கும் வேகம் பெரிதாக இருப்பதால்தான் எழுப்பும் வேகமும் பெரிதாக இருக்க முடிகிறது. அதற்காகச் செல் ஏடிபியை இடைவிடாமல் செலவழிக்கிறது. அதை வீண் என்று நான் நினைக்கவில்லை. விரைவுக்குக் கொடுக்கும் விலை அது.

ஜி புரதத்துக்கு அணைப்பான் வெளியே இல்லை, அதனுள்ளேயே இருக்கிறது. விழித்த ஜி புரதம் தன்னிடமுள்ள ஜிடிபியைத் தானே உடைத்து, ஒரு பாஸ்பேட் குறைந்த வடிவத்துக்கு வந்து, சில வினாடிகளில் தூங்கிவிடுகிறது. ஏற்பியின் வாலில் வேறொரு கைனேஸ் பாஸ்பேட் ஒட்ட, அரெஸ்டின் என்ற புரதம் அதில் வந்து அமர்ந்து ஜி புரதத்தை நெருங்கவிடாமல் மறைக்கிறது. இங்கே கைனேஸே அணைக்கும் கட்சியில் இருப்பதைக் கவனியுங்கள்.

அடுக்கின் அடியில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹார்மோன் இருக்கும்வரை கைனேஸ் ‘ஏ’ ஒரு சிறு தடுப்புப் புரதத்துக்கும் பாஸ்பேட் ஒட்டி, அதைக் கொண்டு பாஸ்பட்டேஸையும் அடக்கி வைக்கிறது. எழுப்பும் வேகத்தைக் கூட்டுவதோடு அணைக்கும் வேகத்தையும் ஒரே கையால் குறைக்கிறது. ஹார்மோன் போனதும் இந்தப் பூட்டு தளர்கிறது.

கல்லீரலில் இன்னொரு நுட்பம் உண்டு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ், பாஸ்பாரிலேஸ் ‘ஏ’யின் உள்ளே வந்து அமர்கிறது. அதனால் நொதியின் உருவம் சற்றே திரும்பி, உள்ளே புதைந்திருந்த அந்த 14ஆவது சீரின் பாஸ்பேட் வெளியே நீட்டுகிறது. அருகில் ஒட்டியிருக்கும் பாஸ்பட்டேஸ் அதைக் கழற்றுகிறது. லூவேனில் ஹெர்ஸும் ஸ்டால்மன்ஸும் இதன் ஒழுங்கைக் காட்டினார்கள். குளுக்கோஸ் ஏறியதும் பாஸ்பாரிலேஸ் ‘ஏ’ உடனே குறைகிறது. ஆனால் கிளைக்கோஜனைக் கட்டும் நொதி உடனே விழிப்பதில்லை. ‘ஏ’ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை காத்திருக்கிறது. காரணம், பாஸ்பட்டேஸ் ‘ஏ’யோடு ஒட்டிக் கிடக்கிறது, ‘பி’யோடு ஒட்டுவதில்லை. ஒரு பாஸ்பட்டேஸுக்குப் பத்து ‘ஏ’ என்ற அளவில் அவை இருப்பதால், பெரும்பாலான ‘ஏ’ மாறிய பிறகுதான் பாஸ்பட்டேஸ் விடுபட்டுக் கட்டும் நொதியிடம் போய் அதை எழுப்புகிறது. ஒரே நேரத்தில் கட்டுவதும் இடிப்பதும் நடக்காமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

அணைப்பான் ஒன்றே ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதைக் காலரா காட்டுகிறது. நோயைத் தருவது கிருமி சுரக்கும் நச்சு என்று 1959இல் கல்கத்தாவில் எஸ். என். டே காட்டினார். அந்த நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து, ஜி புரதம் தன்னைத்தானே அணைக்கும் இடத்திலுள்ள ஓர் அர்ஜினினில் ஒரு வேதிக்குழுவை ஒட்டிவிடுகிறது. ஏற்பி கெடவில்லை, கைனேஸ் கெடவில்லை. ஜி புரதத்தால் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான். சைக்ளேஸ் நிற்காமல் ஓடுகிறது. பாஸ்போடைஎஸ்டரேஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. கைனேஸ் ‘ஏ’ குளோரைடு வாயிலுக்குப் பாஸ்பேட் ஒட்டி அதைத் திறந்தே வைக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்னால் ஓடுகின்றன. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம்.

இந்தப் பிழையை நேராகத் திருத்தும் மருந்து நம்மிடம் இல்லை. ஆனால் குடலில் குளுக்கோஸோடு சேர்த்துச் சோடியத்தை உள்ளே இழுக்கும் பாதை இந்த அடுக்கைச் சாராததால் அது கெடாமல் நிற்கிறது. சர்க்கரையும் உப்பும் கலந்த நீர் அந்தப் பாதை வழியாக உள்ளே போகிறது. 1971இல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் திலீப் மகாலனபிஸ் அதைத்தான் வாய்வழி கொடுத்தார். இழப்பை இப்படி ஈடுசெய்துகொண்டே போனால், சில நாட்களில் குடலின் மேற்புறச் செல்கள் வழக்கம்போல் உதிர்ந்து, நச்சு தொட்ட ஜி புரதங்களையும் கூடவே கொண்டுபோய்விடுகின்றன. கீழேயிருந்து மேலே வரும் புதிய செல்களில் ஜி புரதம் மறுபடி தூங்கத் தெரிந்ததாக இருக்கிறது.