கிணற்றின் கணக்கை எந்த நினைவில் வைப்பது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நமக்குக் குடிநீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீருமாகும். அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பலரும் அறிவர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். ஒரு கிணறு உவராகி வருகின்றதா என்பதை ஒரு நாட் சோதனையால் அறிய முடியாது. மாரியும் கோடையும் மாறி மாறி வரும் பல ஆண்டுகளின் கணக்கு அதற்கு வேண்டும்.

அக்கணக்கை எழுதிவைக்கும் சிறு கருவியொன்றைக் கிணற்றுக் கட்டில் வைப்பதாகக் கொள்வோம். கால் மணிக்கொருமுறை நீர்மட்டத்தையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அது அளக்கின்றது. நாளொன்றுக்கு 96 அளவீடுகள். மாணவர் பலர் கையாளும் ஆர்டுயினோ யூனோ பலகையிலுள்ள ஆட்மெகா 328பி என்னும் சில்லே அதன் மூளை. இந்த அளவீடுகளை எந்த நினைவகத்தில் எழுதுவது என்பதே இன்றைய வினா.

நினைவகங்களில் நான்கு வகையை எடுத்துக்கொள்வோம். முதலாவது நிலை நினைவகம். இதில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியையும் வழக்கமாக ஆறு திரான்சிற்றர்கள் சேர்ந்து பிடித்து வைக்கின்றன. விநாடியின் பத்து லட்சத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் எழுதலாம். எத்தனை முறை எழுதினாலும் தேய்வதில்லை. ஆனால் இடம் மிகுதியாகப் பிடிப்பதால் விலை அதிகம். நமது சில்லில் இருப்பது 2,048 பைற்றுகளே. மின்சாரம் நின்ற கணமே எல்லாம் மறைந்துவிடும்.

இரண்டாவது இயங்கு நினைவகம். ஒரு திரான்சிற்றரும் மின்னேற்றம் தாங்கும் ஒரு சிறு கொள்ளளவியும் இதற்குப் போதும், ஆகையால் மலிவு. ஆனால் அந்தக் கொள்ளளவி ஓட்டைப் பட்டையைப் போன்றது. ஒழுகியதை ஓயாது நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் எல்லாக் கலங்களையும் ஒருமுறை புதுப்பித்தாகவேண்டும். பெருங்கணினிக்கு இது பொருந்தும். கால் மணிக்கொருமுறை கண்விழித்து மற்றைய நேரமெல்லாம் உறங்கி மின்கலத்தைச் சேமிக்கும் நமது கருவிக்கு இது பொருந்தாது. ஆதலால் இதனை விட்டுவிடுவோம்.

மின்சாரம் இல்லாதபோதும் எழுத்தைக் காப்பவை மற்றைய இரண்டும்: ஈஈப்ராம், ஃபிளாஷ். இரண்டிலும் மெல்லிய காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஓரிடத்தில் எலத்திரன்கள் சிறைப்பட்டிருக்கின்றன. ஈஈப்ராமில் ஒவ்வொரு பைற்றையும் தனித்தனியே அழித்து எழுதலாம். அந்த வசதிக்காகக் கலத்துக்கு இடம் கூடுதலாக வேண்டும். எனவே கொள்ளளவு சிறிது. நமது சில்லில் அது 1,024 பைற்றுகள்; ஒரு பைற்றை எழுத ஏறத்தாழ 3.4 மில்லிவிநாடி ஆகும். ஃபிளாஷோ மலிவானது, பெரியது. ஆனால் அதில் எழுதிய ஓரிடத்தை மட்டும் திருத்த முடியாது. ஒரு பகுதி முழுவதையும் அழித்தே மறுபடி எழுதவேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறியது போலத்தான்.

இவ்விரண்டும் தேய்வன. எலத்திரன் ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் அப்படலம் சிறிது பழுதடைகின்றது. நமது சில்லின் ஈஈப்ராம் கலத்துக்கு 1,00,000 முறையும், அதனுள்ளே இருக்கும் ஃபிளாஷுக்கு 10,000 முறையும் என்று செய்தவர்கள் வரையறுத்திருக்கின்றனர். எழுதியது 25 பாகை வெப்பத்தில் 100 ஆண்டும், 85 பாகையில் 20 ஆண்டும் நிலைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எனவே கருவிப் பெட்டியை வெயிலில் வையாது நிழலில் வைப்பது நன்று.

இனி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடுத்த அளவீட்டை எங்கே எழுதவேண்டும் என்னும் இலக்கத்தை ஒருவர் ஈஈப்ராமின் ஒரே கலத்தில் வைக்கின்றார் எனக் கொள்க. அக்கலம் நாளுக்கு 96 முறை மாறும். 1,00,000-ஐ 96-ஆல் வகுத்தால் 1,041 நாள். மூன்றாம் மாரியைப் பதிந்து முடித்த சில காலத்தில் வரையறை தீர்ந்துபோகின்றது. அவ்விலக்கத்தைச் சில்லின் ஃபிளாஷில் வைத்தாலோ 104 நாளே. நிரலிலே ஒரு பிழை நேர்ந்து, அதே கலத்தில் ஓயாது எழுதிக்கொண்டிருந்தால் 340 விநாடிகள், அதாவது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. வரையறை கடந்தவுடனே கலம் செத்துவிடும் என்பதில்லை. ஆயினும் அதற்கு மேல் அதனை நம்பமுடியாது.

இந்தத் தேய்வு பெரிய இடங்களிலும் நேர்ந்திருக்கின்றது. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 1,30,000-க்கு மேற்பட்ட கார்களைத் திருத்தத்துக்காக அழைத்தது. அவற்றின் திரைக்குரிய கணினியிலிருந்த ஃபிளாஷ், ஏறத்தாழ 3,000 அழிப்புகளில் தேய்ந்து, ஐந்தாறு ஆண்டிலேயே செயலிழக்கத் தொடங்கியதே காரணம்.

நமது கருவிக்கு வழி என்ன? ஓர் அளவீட்டுக்கு எட்டுப் பைற்று ஒதுக்குவோம்: வரிசை எண்ணுக்கு இரண்டு, நீர்மட்டத்துக்கு இரண்டு, மின்கடத்துதிறனுக்கு இரண்டு, சரிபார்ப்பு எண்ணுக்கு இரண்டு. ஈஈப்ராமில் இத்தகைய 64 இடங்களை வட்டமாக அமைத்து, ஒவ்வோர் அளவீட்டையும் அடுத்த இடத்தில் எழுதுவோம். ஓரிடம் நாளுக்கு ஒன்றரை முறைதான் மாறும். அப்போது தேய்வின் எல்லை 182 ஆண்டுக்கு அப்பாற் செல்கின்றது. அடுத்த இடம் எது என்பதைத் தனிக் கலத்தில் குறித்துவைக்க வேண்டியதில்லை. கருவி விழிக்கும்போது வரிசை எண்களைப் பார்த்தே அறிந்துகொள்ளும்.

எட்டு மணி நேரத்துக்கொருமுறை, சேர்ந்த 32 அளவீடுகளை 256 பைற்றுகொண்ட ஒரு பக்கமாக வெளியிலுள்ள ஃபிளாஷ் சில்லுக்கு மாற்றலாம். நான்கு மெகாபைற்றுச் சில்லொன்று இக்கணக்கில் ஏறக்குறைய 15 ஆண்டுகளை ஏற்கும். அழிக்கும் தேவையே இல்லாததால் அது தேய்வதுமில்லை. கணக்கிடும்போது தேவைப்படும் இடைக்கால எண்கள் மட்டும் நிலை நினைவகத்தில் இருக்கட்டும். ஈஈப்ராமை விட்டு, 32 அளவீடுகளையும் நிலை நினைவகத்திலேயே சேர்த்து வைப்பது எளிது. ஆனால் மின்கலம் ஒருமுறை தளர்ந்தால் எட்டு மணி நேரக் கணக்கு போய்விடும்.

இன்னும் ஒன்று. மின்கலம் தளரும் வேளையில் பாதி எழுதிய அளவீடு பொய்யான எண்ணாகத் தங்கிவிடும். அது உவரேறிய கிணற்றின் எண்ணைப் போலவே தோன்றலாம். சரிபார்ப்பு எண் பொருந்தாவிடின் அதனைத் தள்ளிவிடவேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் சில்லைத் தானே நிறுத்தும் காவலையும் இயக்கிவைக்கவேண்டும். எழுதியதை உடனே வாசித்துப் பார்த்தாலும் தேய்வு முழுவதும் தெரியவராது. தேய்ந்த கலம் அப்போது சரியாகச் சொல்லிவிட்டு, எலத்திரன் கசிய, சில நாளில் மறந்துவிடும். ஆதலாற் பழைய அளவீடுகளையும் இடையிடையே வாசித்துச் சரிபார்ப்பது வேண்டும்.

எனவே நினைவகத்தைத் தெரிவு செய்பவர் விலையையும் விரைவையும் கேட்குமுன், இந்த எண் நாளுக்கு எத்தனை முறை மாறும் என்று கேட்கவேண்டும். அந்த ஒரு வகுத்தற் கணக்கு, கருவி எத்தனை மாரியைக் காணும் என்பதைச் சொல்லிவிடும்.