ரிஜெக்ட் பட்டனுக்கு என்ன விலை?

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன அத்தியாயத்தில் பெட்ரோல் கணக்கு பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க: "அண்ணா, ஆர்டரை ரிஜெக்ட் பண்ணா அடுத்த ஆர்டர் வராதா?" இன்னைக்கு அது மட்டும்தான் பேசப் போறோம்.

நான் சென்னையில், வடபழனி பக்கம், நாலு வருஷமா உணவு டெலிவரி பண்றேன். எந்த ஆப் என்று சொல்லப் போவதில்லை. ரூல் ஆப்புக்கு ஆப் மாறும், ஊருக்கு ஊர் மாறும், சில சமயம் மாசத்துக்கு மாசம் மாறும். ஆனா கணக்குப் போடுற முறை மாறாது. அதனால நான் சொல்ற எண்களை விட்டுடுங்க, முறையைப் பிடிச்சுக்கோங்க.

முதல்ல, அந்த சதவீதம் எதைச் சொல்லுது?

அக்செப்டன்ஸ் ரேட் என்பது ரொம்ப எளிமையான வகுத்தல். நமக்குக் காட்டின ஆர்டர் எத்தனை, அதில் நாம எடுத்தது எத்தனை, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது கீழே இருக்கிற எண். "காட்டின ஆர்டர்" எத்தனை, எப்படிப்பட்டது என்பதை நாம முடிவு பண்றதில்லை, ஆப்தான் பண்ணுது. ஒன்றரை கிலோமீட்டர் ஆர்டரும் ஒண்ணு, ஏழு கிலோமீட்டர் ஆர்டரும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி வேலை செய்றவங்கதான். ஒருத்தருக்கு அன்னைக்கு மோசமான ஆர்டராவே விழுந்தா, அவர் ரேட்தான் இறங்கும்.

இன்னொண்ணு. டீ குடிக்கிறப்போ போன் பாக்கெட்டில் அடிச்சுட்டு நின்னுடுச்சுன்னா, நாம வேண்டாம்னு சொல்லலை, பார்க்கவே இல்லை. ஆனா பெரும்பாலும் அதுவும் ரிஜெக்ட் கணக்கில்தான் போகும். அஞ்சு நிமிஷம் ஆனாலும் சரி, ஆஃப்லைன் போட்டுட்டு டீ குடிங்க.

அதே மாதிரி, எடுத்துட்டு அப்புறம் கேன்சல் பண்றது வேற கணக்கு, அதுக்குத் தண்டனை இன்னும் கடுமை. காரணம் புரிஞ்சுக்கலாம். ரிஜெக்ட் பண்ணா ஆப்புக்கு அரை நிமிஷம் போகும். எடுத்துட்டு விட்டா, சமைச்ச சாப்பாடு கவுண்ட்டரில் ஆறிக்கிட்டு இருக்கும். அதனால சந்தேகம் இருந்தா, அந்தச் சந்தேகத்தை அக்செப்ட் அழுத்துறதுக்கு முன்னாடியே தீர்த்துக்கணும்.

எத்தனை நாள் ஞாபகம் வச்சிருக்கும்?

இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். ரேட்டை ரெண்டு விதமா எண்ணுவாங்க.

ஒண்ணு, நாள் கணக்கு அல்லது வாரக் கணக்கு. திங்கள்கிழமை காலையில் பழையது அழிஞ்சு, புதுசா ஆரம்பிக்கும். இதில் முதல் ஆர்டரையே ரிஜெக்ட் பண்ணா, ஸ்க்ரீனில் 0 சதவீதம்னு காட்டும். பார்த்தா பயமா இருக்கும். ஆனா வாரக் கடைசியில் மொத்தக் கணக்குதான் முக்கியம். வாரத்துக்கு 120 ஆர்டர் காட்டும், 80 சதவீதம் வேணும்னு வச்சுக்கோங்க. அப்போ உங்க கையில் 24 ரிஜெக்ட் இருக்கு. அதை எப்போ செலவு பண்றதுங்கிறது உங்க இஷ்டம்.

ரெண்டாவது, "கடைசி 100 ஆர்டர்" கணக்கு. அமெரிக்காவில் டோர்டேஷ் இப்படித்தான் எண்ணுது. இதில் புது ஆர்டர் ஒண்ணு உள்ளே வந்தா, நூறு ஆர்டருக்கு முந்தையது ஒண்ணு வெளியே போகும். இங்கேதான் ஒரு வேடிக்கை. உங்க ரேட் 79, ஒண்ணே ஒண்ணு ஏறினா 80. வரிசையா பத்து ஆர்டர் எடுக்கறீங்க. நம்பர் அசையவே இல்லை. ஏன்? வெளியே போற பத்தும் நீங்க அன்னைக்கு எடுத்த ஆர்டர்கள். எடுத்தது போய் எடுத்தது வருது. நீங்க மழை நாளில் வரிசையா ரிஜெக்ட் பண்ண ஆர்டர்கள் அந்த நூறில் நடுவில் உட்கார்ந்திருக்கு. அது வாசலுக்கு வந்து வெளியே போனாத்தான் ரேட் ஏறும். அது வரைக்கும் ஆப் ஏமாத்துதுன்னு நினைச்சுக்கிட்டிருப்போம்.

ஒரு நாளைக்கு 25 ஆர்டர் காட்டினா, இன்னைக்குப் பண்ண ஒரு ரிஜெக்ட் நாலு நாள் உங்ககூடவே வரும்னு அர்த்தம். வாரக் கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோட செத்துப் போகும். உங்க ஆப் எந்த வகைன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

இப்போ ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நாள் கணக்கு. 20 ஆர்டர் முடிச்சா 200 ரூபாய் இன்சென்டிவ். ஆனா ரேட் 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மணி இரவு 7:40. இது வரைக்கும் 19 காட்டியிருக்கு, 17 முடிச்சாச்சு, 2 ரிஜெக்ட். ரேட் 89. பத்தரைக்கு வீட்டுக்குப் போகணும்.

ஒரு ஆர்டர் அடிக்குது. 52 ரூபாய். கடை 2 கிலோமீட்டர், அங்கிருந்து போரூரில் டிராப், 7 கிலோமீட்டர். 52 ரூபாய் பார்க்க நல்லா இருக்கு. ஆனா கடைக்குப் போக 10 நிமிஷம், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பார்சலுக்கு 15 நிமிஷம், ஆற்காடு ரோடு டிராஃபிக்கில் 30 நிமிஷம், காலியா நம்ம ஏரியாவுக்குத் திரும்ப 20 நிமிஷம். மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம். திரும்பறதையும் சேர்த்து 15, 16 கிலோமீட்டர். பெட்ரோல் 35 ரூபாய். கையில் நிக்கிறது 17 ரூபாய். அதே நேரத்தில் பக்கத்திலேயே ரெண்டு சின்ன ஆர்டர் ஓட்டினா, ஆளுக்கு 35, பெட்ரோல் போக 50 ரூபாய் நிக்கும். ஆக, இந்த ஆர்டரை விட்டா எனக்கு 33 ரூபாய் லாபம்.

விடலாமா? விட்டா 20-இல் 17. சரியா 85. இன்சென்டிவ் தப்பிக்குது. இன்னும் மூணு ஆர்டர் எடுத்தா 23-இல் 20, அதாவது 87 சதவீதம். தாராளமா ரிஜெக்ட் பண்ணலாம்.

பண்ணியாச்சு. உடனே அதே மாதிரி இன்னொண்ணு அடிக்குது. அதே 52 ரூபாய், அதே போரூர். இப்போ விட்டா 21-இல் 17. 81 சதவீதம். திரும்ப 85-ஐத் தொட எத்தனை எடுக்கணும்? அஞ்சு எடுத்தா 26-இல் 22, அப்பவும் 84.6தான். ஆறாவது எடுத்தாத்தான் 27-இல் 23, தப்பிக்கும். பத்தரைக்குள்ள ஆறு ஆர்டர் விழலாம், விழாமலும் போகலாம். நடுவில் இன்னொரு மோசமான ஆர்டர் வந்தா அதையும் எடுத்தே ஆகணும்.

பாருங்க, ரெண்டும் ஒரே ஆர்டர். முதல்ல விட்டப்போ 33 ரூபாய் மிச்சம், செலவு எதுவும் இல்லை. ரெண்டாவதை விட்டாலும் மிச்சம் அதே 33தான். ஆனா அதுக்காக 200 ரூபாயைப் பந்தயம் வைக்கிறோம். நான் ரெண்டாவதை எடுத்துட்டுப் போரூர் போவேன், திட்டிக்கிட்டே போவேன்.

மணி பத்தா இருந்து, இருபதை எப்படியும் தொட முடியாதுன்னா? அப்போ அந்த 200 ஏற்கெனவே போயாச்சு. நாள் கணக்கு ஆப்பில் அந்த அரை மணி நேரம் ரிஜெக்டுக்கு விலையே இல்லை. 100 ஆர்டர் கணக்கு ஆப்பில் அப்பவும் விலை உண்டு, அது நாளைக்கு வந்து கேட்கும். இதனாலதான் எல்லாத்தையும் எடுங்கன்னோ, 40 ரூபாய்க்குக் கீழே எதையும் தொடாதீங்கன்னோ ஒரே வரியில் என்னால சொல்ல முடியாது.

அடுத்த ஆர்டர் வராதா?

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். ரேட் நம்ம அடுத்த வேலையைத் தொடுறது ரெண்டு வழியில். ஒண்ணு வெளிப்படையானது: இன்சென்டிவ், லெவல், முதல்ல ஸ்லாட் எடுக்கிற உரிமை. இது ஆப்பிலேயே எழுதியிருக்கும், கணக்குப் போடலாம். இன்னொண்ணு, நம்ம கண்ணுக்குத் தெரியாதது: ஆர்டர் யாருக்குக் காட்டலாம்னு முடிவு பண்றப்போ ரேட்டைப் பார்க்குதா? பார்க்க காரணம் இருக்கு. வேண்டாம்னு சொல்லப் போறவர்கிட்ட காட்டினா ஒவ்வொரு தடவையும் நேரம் வீண். ஆனா ரிஜெக்ட் பண்ண உடனே போன் அமைதியாயிட்டா அது தண்டனைதான்னு சொல்லிட முடியாது. எட்டு மணிக்கு மேல ரைடர் அதிகமாகியிருக்கலாம், பக்கத்துக் கடை மூடியிருக்கலாம்.

சோதிக்க ஒரு வழி இருக்கு. ஒரு ஆர்டர் முடிச்சதிலிருந்து அடுத்தது அடிக்கிற வரைக்கும் எத்தனை நிமிஷம்னு எழுதி வைங்க. அதே இடம், அதே கிழமை, அதே நேரத்தை மட்டும் ஒப்பிடுங்க. ரேட் உயரமா இருந்த ரெண்டு மூணு வாரம், இறங்கியிருந்த ரெண்டு மூணு வாரம். மழை நாள், மேட்ச் நாள் எல்லாத்தையும் தள்ளிடுங்க. ஒரு ராத்திரி அனுபவத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

எல்லாரும் சேர்ந்து வேண்டாம்னு சொன்னா?

மேலே சொன்ன டோர்டேஷில் அடிப்படைக் கூலியைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம்: நேரம், தூரம், அப்புறம் அந்த ஆர்டரை எடுக்க ஆள் விரும்புதா இல்லையா. அதாவது யாரும் எடுக்காத ஆர்டருக்குக் கூலி ஏறலாம். அதைப் பிடிச்சுக்கிட்டு அங்கே சில ரைடர்கள் "டிக்ளைன் நவ்"னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. 7 டாலருக்குக் கீழே வந்தா யாரும் எடுக்காதீங்கன்னு சொன்னாங்க. அங்கே ரேட் குறைஞ்சதுக்காக மட்டும் கணக்கை மூட மாட்டாங்க. எடுத்ததை முடிக்காம விட்டுக்கிட்டே இருந்தா மூடலாம். ஆனா "டாப் டேஷர்" என்ற தகுதிக்கு அப்போ 70 சதவீத ரேட் வேண்டியிருந்தது. அது இருந்தா நினைச்ச நேரத்தில் வேலைக்கு வர முடிஞ்சது.

இந்த ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. ஒரு பக்கம், நாம வேண்டாம்னு சொன்னாத்தான் கூலி குறைவுன்னு கம்பெனிக்கே தெரியுது. இன்னொரு பக்கம், வேண்டாம்னு சொல்றவருக்குச் சலுகை போகுது. கூலி ஏறினா லாபம் அடுத்து எடுக்கிற யாரோ ஒருத்தருக்கு. சலுகை போற நஷ்டம் எனக்கு மட்டும். தனியா ரிஜெக்ட் பண்ற ரைடருக்கு இது ஏன் கட்டுப்படியாகலைன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு சாயங்காலம் ஆன்லைன் போறதுக்கு முன்னாடி மூணு எண்ணைப் பாருங்க: இது வரைக்கும் எத்தனை காட்டியிருக்கு, எத்தனை எடுத்தீங்க, வரம்பு எவ்வளவு. அதிலிருந்து இன்னும் எத்தனை விடலாம்னு ஒரு எண் வரும். அதை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசி ரெண்டை எட்டு மணிக்கு மேல வர்ற போரூர் ஆர்டருக்காக மிச்சம் வைங்க.

அடுத்த அத்தியாயத்தில் கடையில் பார்சலுக்குக் காத்திருக்கிற நேரத்தைப் பத்திப் பேசுவோம். பார்த்து ஓட்டுங்க.