மாத்திரையும் ஆண்மைத் தளர்ச்சியும்

இரத்தக் கொதிப்பு மாத்திரை தொடங்கியபின் ஆண்குறி விறைப்புத் தளர்ந்தால், சிலர் வெட்கத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, மஸ்ஜித் இந்தியாப் பக்கம் போகும்போது லேகியம் தேடுகிறார்கள். இரண்டிலும் ஆபத்துண்டு.

அத்தனோலோல் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். லேகியத்திலோ, சில்டெனாஃபில் என்ற மருந்தை மறைத்துக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர் அதைச் சாப்பிட்டால், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும்.

ஐம்பது வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவர் அத்தனோலோலும், சிறுநீர் போக்கும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் தளர்ச்சி. அவர் கிளினிக்கில், "டாக்டர், மாத்திரை தொடங்கியது இந்தத் தேதி, தளர்ச்சி இந்தத் தேதி. லொசார்ட்டான், அம்லோடிபின் போன்றதற்கு மாற்றலாமா?" என்று கேட்கட்டும். விடியற்காலையில் விறைப்பு வருகிறதா என்பதையும் சொல்லட்டும். அது வழக்கம்போல் வந்தால், காரணம் மனக்கவலையாகவும் இருக்கலாம். இனிப்புநீரும் கொதிப்புமே இரத்தக்குழாயைக் கெடுத்திருக்கலாம். அப்போது மாத்திரையை மாற்றுவதால் மட்டும் பலனில்லை. ஆகவே சர்க்கரைப் பரிசோதனையும் கேட்கவேண்டும்.

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், ஃபுளுவோக்செடின் மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும், விறைப்பைத் தளர்த்தும். அவற்றையும் சட்டென நிறுத்தாமல், "அளவைக் குறைக்கலாமா, மிர்ட்டசபினுக்கு மாறலாமா?" என்று கேளுங்கள். ஆண் டாக்டரிடம்தான் பேசவேண்டும் என்றால், கிளினிக் முகப்பிலேயே சொல்லிவிடலாம்.